உங்களுக்குத் தெரியுமா? – எடை போடாத படகின் எடை

எல்லாப் படகும் தராசுக்கு வருவதில்லை

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் கரை திரும்பியதும் கூடை கூடையாக மீன் இறங்கும். ஏலம் முடிந்து, ஐஸ் போட்டு, லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதற்குள் அத்தனை படகின் மீனையும் ஒருவர் எடை போட்டு முடிக்க முடியாது. ஒரு நாளின் மொத்த மீன்பாடு இத்தனை டன் என்று நாம் படிக்கும் எண், சில படகுகளை எடை போட்டு மற்றவற்றுக்குக் கணித்துச் சொன்ன எண். அப்படிக் கணிக்கப் புள்ளியியல் தரும் வழிகளில் இரண்டு முக்கியமானவை: விகித மதிப்பீடு, தொடர்புப்போக்கு மதிப்பீடு. இரண்டில் எது குறைவாகத் தடுமாறும் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

மண்டபத்தில் வளர்ந்த கணக்கு

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கப்பட்டது. 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை அதன் தலைமையகம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. நாட்டின் கடல் மீன்பாட்டை மாதிரி முறையில் கணக்கிடும் திட்டத்தை வளர்த்ததும் இந்த நிலையம்தான். கணக்கெடுப்பாளர் இறங்குதளத்தில் முதல் நாள் நண்பகலிலிருந்து மாலை 6 மணி வரை இருப்பார். மறுநாள் காலை 6 மணி முதல் நண்பகல் வரை மீண்டும் இருப்பார். இடையில் வந்த இரவுப் படகுகளைப் பற்றி விசாரித்து எழுதிக்கொள்வார். 15 படகு வரை வந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார். 20 முதல் 29 வரை என்றால் இரண்டுக்கு ஒன்று, 30 முதல் 39 வரை என்றால் மூன்றுக்கு ஒன்று என்று எடுப்பார். படகுகள் பெருகப் பெருக அவர் பார்க்கும் பங்கு குறையும். கணிப்பின் பங்கு கூடும்.

கூடையே ஒரு விகிதம்

அந்த முறையில் ஒவ்வொரு மீனையும் தராசில் ஏற்றுவதில்லை. மீன் ஒரே அளவுள்ள கூடைகளில் இறங்குவதால், ஒரு கூடை எத்தனை கிலோ பிடிக்கும் என்று தெரிந்தால் போதும்; கூடைகளை எண்ணிப் பெருக்கிக்கொள்ளலாம். விகித மதிப்பீட்டின் கருவும் இதுதான். எளிதில் கிடைக்கும் ஓர் அளவை, இங்கே கூடை எண்ணிக்கையை, எல்லாப் படகுக்கும் எடுத்துக்கொள்கிறோம். சிரமப்பட்டுக் கிடைக்கும் அளவை, அதாவது எடையை, மாதிரிப் படகுகளுக்கு மட்டும் எடுக்கிறோம். முதலாவதற்குத் துணை அளவு என்று பெயர். அதை x என்றும் எடையை y என்றும் குறித்தால், இரண்டு வழிகளும் இவைதான்:

```
விகிதம்:          (ȳ / x̄) × X̄
தொடர்புப்போக்கு:  ȳ + b (X̄ − x̄)
```

ȳ, x̄ இரண்டும் மாதிரியின் சராசரிகள். X̄ எல்லாப் படகுகளின் சராசரி. b என்பது x ஓர் அலகு கூடினால் y எவ்வளவு கூடுகிறது என்பதைச் சொல்லும் சாய்வு.

லாப்லாஸ் செய்ததும் இதுவே

1802-ல் பிரான்சின் மக்கள்தொகையைக் கணிக்க முனைந்தார் கணித மேதை லாப்லாஸ். பிறப்புப் பதிவேடு நாடெங்கும் இருந்தது. ஆட்களை எண்ணுவதுதான் கடினம். ஆகவே 30 மாவட்டங்களில் தேர்ந்தெடுத்த ஊர்களில் மட்டும் ஆட்களை எண்ணச் செய்தார். 20,37,615 பேர் இருந்தார்கள். அதே ஊர்களில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 71,866 குழந்தைகள் பிறந்திருந்தன. ஒரு பிறப்புக்கு 28.35 பேர் என்று விகிதம் கிடைத்தது. அதை நாட்டின் மொத்தப் பிறப்புகளால் பெருக்கினார். இது விகித மதிப்பீடு. தொடர்புப்போக்கு மதிப்பீட்டின் பழைய எடுத்துக்காட்டு ஒன்று 1937-ல் வந்தது. இலையின் பரப்பை அளப்பது கடினம், எடை போடுவது எளிது என்பதால், இலை எடையிலிருந்து பரப்பைக் கணிக்க வாட்சன் என்ற வேளாண் அறிவியலாளர் தொடர்புப்போக்கைப் பயன்படுத்தினார்.

மாறுபாடு என்றால் இங்கே என்ன?

இன்று நம் மாதிரியில் விழுந்த 10 படகுகளுக்குப் பதில் வேறு 10 படகுகள் விழுந்திருந்தால் விடை மாறியிருக்கும். எத்தனையோ விதமாக 10 படகுகளைத் தேர்ந்தெடுக்கலாம். அத்தனை விடைகளும் தங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறுகின்றன என்பதே மதிப்பீட்டின் மாறுபாடு. பள்ளிப் பாடத்தில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்ததுதான் இது. மாறுபாடு பாதியானால், அதே துல்லியத்துக்குப் பாதிப் படகுகளைப் பார்த்தால் போதும். கொதிக்கும் வெயிலில் இறங்குதளத்தில் நிற்கும் கணக்கெடுப்பாளருக்கு இது பெரிய விஷயம்.

இரண்டுக்கும் இடையிலான தூரம் ஒரு வர்க்கம்

மாதிரி பெரிதாக இருக்கும்போது இரண்டு மாறுபாடுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் அழகான ஒரு முடிவு வரும். இரண்டுக்கும் பொதுவான பெருக்குத்தொகையை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது இது:

```
விகிதத்தின் மாறுபாடு − தொடர்புப்போக்கின் மாறுபாடு = Sx² (R − B)²
```

R என்பது எல்லாப் படகுகளின் y சராசரியை x சராசரியால் வகுத்த எண். B என்பது அவற்றின் உண்மையான சாய்வு. வர்க்கம் ஒருபோதும் எதிர்மறையாகாது. ஆகவே பெரிய மாதிரியில் தொடர்புப்போக்கு மதிப்பீடு விகிதத்திடம் தோற்காது. R-ம் B-யும் சமமானால் இரண்டும் சமம். அவை சமமாவது, புள்ளிகளின் ஊடே போகும் நேர்க்கோடு ஆதிப்புள்ளி வழியாகச் சென்றால் மட்டுமே. x பூஜ்யமானால் y-யும் பூஜ்யம் என்ற நிலை அது.

கூடைக் கணக்கு: ஆறு படகுகள்

எண்களைப் போட்டுப் பார்த்தால் தெளியும். இனி வரும் எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒரு காலையில் 60 விசைப்படகுகள் வருகின்றன. எல்லாப் படகுகளின் கூடைகளையும் எண்ணியாகிவிட்டது. படகுக்குச் சராசரி 12 கூடை. எடை போட்டது 6 படகுகளை மட்டும். அவற்றின் கூடைகள் 5, 8, 10, 11, 12, 14. எடை முறையே 160, 235, 310, 320, 370, 405 கிலோ. மாதிரியின் சராசரி 10 கூடை, 300 கிலோ. துணை அளவைப் பாராமல் 300-ஐ 60-ஆல் பெருக்கினால் 18,000 கிலோ. ஆனால் மாதிரியில் சின்னப் பாடுகள் அதிகம் விழுந்துவிட்டன என்பதைக் கூடை எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கிறது.

விகிதம் கூடைக்கு 30 கிலோ. எனவே படகுக்கு 360 கிலோ, மொத்தம் 21,600 கிலோ. சாய்வு b-யைக் கணக்கிட்டால் 28.2 வருகிறது. தொடர்புப்போக்கு மதிப்பீடு படகுக்கு 356.4 கிலோ, மொத்தம் 21,384 கிலோ. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. காரணம், 30-ம் 28.2-ம் அருகருகே இருக்கின்றன; கூடையே இல்லாத படகில் மீனும் இல்லை.

சிறிய மாதிரியில் விகிதம் முந்தும்

அதே ஆறு படகுகளில் இன்னொன்றையும் பார்க்கலாம். விகிதக் கோட்டிலிருந்து ஒவ்வொரு படகும் விலகியதை வர்க்கித்துக் கூட்டி 5-ஆல் வகுத்தால் 130 வருகிறது. தொடர்புப்போக்குக் கோட்டுக்கு அதே கணக்கைச் செய்து 4-ஆல் வகுத்தால் 122. தொடர்புப்போக்கு வென்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் b என்ற சாய்வையும் இதே ஆறு படகுகளிலிருந்துதான் எடுத்தோம். வேறு ஆறு படகுகள் விழுந்திருந்தால் சாய்வும் மாறியிருக்கும். அந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. x இயல்நிலைப் பரவலை ஒட்டி இருந்தால், மாதிரியின் அளவு n எனும்போது, தொடர்புப்போக்கின் மாறுபாடு 1 + 1/(n − 3) மடங்காகும். 6 படகுகளுக்கு அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 122 இப்போது ஏறக்குறைய 163 ஆகிவிடுகிறது. 130 வைத்திருக்கும் விகிதமே வெல்கிறது. 30 படகுகள் இருந்தால் இந்த விலை 4 சதவீதத்துக்கும் குறைவு.

இதற்கு வலுவான கோட்பாட்டு ஆதரவும் உண்டு. கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போய், அதைச் சுற்றிய சிதறல் x-க்கு ஏற்ப வளர்ந்தால், பிறழ்ச்சியற்ற நேரியல் மதிப்பீடுகளில் மிகக் குறைந்த மாறுபாடு தருவது விகித மதிப்பீடே. 1963-ல் புரூவரும் 1970-ல் ராயலும் இதை நிறுவினார்கள். கூடைக் கணக்கின் இயல்பு இதுதான்: ஐந்து கூடையின் மொத்த எடையைவிடப் பதினைந்து கூடையின் மொத்த எடை அதிகமாக ஏறி இறங்கும்.

டீசல் கணக்கு: கோடு ஆதிப்புள்ளியைத் தவறவிடும்

இப்போது துணை அளவை மாற்றுவோம். கூடைக்குப் பதில் ஒவ்வொரு படகும் எரித்த டீசல். மீன் கிடைக்கும் இடத்துக்குப் போய்த் திரும்ப மட்டும் 100 லிட்டர் ஆகிறது என்று கொள்வோம். அந்த 100 லிட்டரில் ஒரு மீன்கூட வராது. வலை இழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொரு லிட்டருக்கும் 2.5 கிலோ கிடைக்கிறது. மாதிரியில் 10 படகுகள். சராசரி 200 லிட்டர், 250 கிலோ. வந்த 60 படகுகளுக்கும் சேர்த்துச் சராசரி 220 லிட்டர்.

விகிதம் லிட்டருக்கு 1.25 கிலோ என்று சொல்லும். படகுக்கு 275 கிலோ, மொத்தம் 16,500 கிலோ. தொடர்புப்போக்கோ, கூடுதலான 20 லிட்டரும் வலை இழுத்த நேரத்தில்தான் எரிந்தது என்று புரிந்துகொள்கிறது. படகுக்கு 300 கிலோ, மொத்தம் 18,000 கிலோ. ஒரே மாதிரி, ஒரே தகவல். வித்தியாசம் ஒன்றரை டன். இங்கே போய்வரும் டீசலையும் மீன் பிடித்த டீசலாக எண்ணிக்கொண்டதால் விகிதம் பின்தங்கிவிட்டது.

எத்தனை படகிலிருந்து கட்சி மாற வேண்டும்?

அதே டீசல் கணக்கில் மீன்பாட்டின் திட்ட விலக்கம் 125 கிலோ, டீசலின் திட்ட விலக்கம் 40 லிட்டர், இரண்டுக்கும் ஒட்டுறவுக் கெழு 0.8 என்று கொள்வோம். படகு ஒன்றுக்கான மாறுபாடு, வெறும் சராசரிக்கு 15,625. விகிதத்துக்கு 8,125. தொடர்புப்போக்குக்கு 5,625. நடுவில் உள்ள வித்தியாசம் 2,500. மேலே சொன்ன வர்க்கமும் 1,600 × 1.25 × 1.25 என்று அதே 2,500-ஐத்தான் தருகிறது.

இதனுடன் சாய்வின் விலையையும் சேர்த்தால் எல்லை தெரிந்துவிடும். 5 படகுகள் என்றால் 5,625 ஒன்றரை மடங்காகி 8,437 ஆகும். விகிதம் சற்றே மேல். 6 படகுகள் என்றால் 7,500, தொடர்புப்போக்கு முந்துகிறது. 10 படகுகளில் அது 6,430 அளவுக்கு இறங்கிவிடும். 60 படகுகளின் மொத்த மீன்பாட்டில் திட்டப்பிழையாகப் பார்த்தால், வெறும் சராசரிக்கு ஏறக்குறைய 2,165 கிலோ, விகிதத்துக்கு 1,560 கிலோ, தொடர்புப்போக்குக்கு 1,390 கிலோ. இவை தோராயச் சூத்திரங்கள். மிகச் சிறிய மாதிரியில் எல்லை ஒன்றிரண்டு படகு முன்பின் ஆகலாம்.

விகிதம் வெறும் சராசரியிடமே தோற்கும் இடம்

துணை அளவு இருந்தால் நல்லதுதானே என்று எல்லா இடத்திலும் விகிதத்தைப் போட்டுவிடக் கூடாது. x-ன் மாறுபாட்டுக் கெழுவை y-ன் மாறுபாட்டுக் கெழுவால் வகுத்து, அதில் பாதியை எடுங்கள். ஒட்டுறவுக் கெழு அதைத் தாண்டினால்தான் விகிதத்தால் லாபம். ஒரு நாட்டுப்படகுத் துறையில் வலையின் நீளம் படகுக்குப் படகு பெரிதும் மாறுகிறது, அதன் மாறுபாட்டுக் கெழு 0.6 என்று வையுங்கள். மீன்பாட்டின் கெழு 0.4. அப்படியானால் ஒட்டுறவு 0.75-ஐத் தாண்ட வேண்டும். அது 0.6 மட்டுமே என்றால், விகிதத்தின் மாறுபாடு வெறும் சராசரியைவிட 45 சதவீதம் கூடிவிடும். அதே தகவலைத் தொடர்புப்போக்கில் போட்டால் 36 சதவீதம் குறையும். x-ன் மாறுபாட்டுக் கெழு y-ன் மாறுபாட்டுக் கெழுவைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், ஒட்டுறவு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் விகிதத்தால் லாபமே கிடையாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கணினி இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். மாதிரிப் படகுகளை x-ன் வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் y-யை x-ஆல் வகுத்துப் பாருங்கள். மேலே பார்த்த ஆறு படகுகளில் கூடைக்கு எடை 28.9-லிருந்து 32 கிலோ வரைதான் ஏறி இறங்குகிறது. சிறு பாட்டில் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும் ஆறு படகுகளை வைத்து அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே விகிதம் பொருந்தும். டீசலில் அப்படி இல்லை: 150 லிட்டர் எரித்த படகு கோட்டின்படி 125 கிலோ கொண்டுவரும், லிட்டருக்கு 0.83. 250 லிட்டர் எரித்த படகு 375 கிலோ கொண்டுவரும், லிட்டருக்கு 1.5. விகிதம் x-உடன் இப்படித் தெளிவாக ஏறினால் கோடு ஆதிப்புள்ளிக்குக் கீழே போகிறது. தெளிவாக இறங்கினால் மேலே போகிறது. இரண்டிலும் தொடர்புப்போக்கே பொருந்தும். அடுத்து, வரைபடத் தாளில் புள்ளிகளை வைத்துப் பாருங்கள். விசிறிபோல் விரிந்து பூஜ்யத்தில் குவிந்தால் விகிதம். ஒரே அகலப் பட்டையாக ஓடி வேறு இடத்தில் அச்சை வெட்டினால் தொடர்புப்போக்கு.

தொடர்புப்போக்குக்கும் பலவீனம் உண்டு

X̄ தவறாக இருந்தால் தொடர்புப்போக்கு அதிகம் அடிபடலாம். டீசல் சராசரி 220-க்குப் பதில் 5 சதவீதம் கூடி 231 என்று பதிவாகிவிட்டது என்று வையுங்கள். விகித மதிப்பீடு படகுக்கு 13.75 கிலோ பிசகும், தொடர்புப்போக்கு 27.5 கிலோ பிசகும். எரிபொருள் நிலையத்தில் வாங்கிய டீசல் வேறு, அன்று எரித்த டீசல் வேறு என்பதால் இது நடக்கக்கூடிய பிழை. இன்னொன்று, காற்று கிளம்பிப் படகுகள் பாதியில் திரும்பிய நாளில் சராசரி 100 லிட்டருக்குக் கீழே போனால், அந்தக் கோடு எதிர்மறை மீன்பாட்டைச் சொல்லும். எடையும் துணை அளவும் நேர்மறையாக இருக்கும்வரை விகிதம் அப்படி ஒருபோதும் சொல்லாது.

இறங்குதளங்களைச் சேர்ப்பதா, பிரிப்பதா?

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் என்று இடத்துக்கு நான்கு படகுகள் வீதம் பார்த்துவிட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் தனிச் சாய்வு கணக்கிட்டால் மேற்சொன்ன விலையால் மாறுபாடு இரண்டு மடங்காகிவிடும். அங்கே தொழில்முறையும் படகின் அளவும் ஒத்த இடங்களைச் சேர்த்து ஒரே சாய்வு எடுப்பது நல்லது. ஆனால் விசைப்படகையும் நாட்டுப்படகையும் ஒரே கோட்டில் சேர்க்கக் கூடாது. பாக் விரிகுடாப் பக்கமும் மன்னார் வளைகுடாப் பக்கமும் மீன்பிடிப்பு மாறுவதால், சாய்வு ஒன்றுதானா என்று பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

முடிவாக ஒரு சொல்

கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகிறதா, எத்தனை படகுகளை எடை போட்டீர்கள், எல்லாப் படகுக்கும் வைத்திருக்கும் துணை அளவு நம்பத்தக்கதா என்ற மூன்று கேள்விகள் போதும். கோடு ஆதிப்புள்ளி வழியே போய், மாதிரியும் சிறிதானால் விகிதத்தை எடுங்கள். கோடு விலகிப் போய், பத்துக்கு மேல் படகுகள் கையில் இருந்தால் தொடர்புப்போக்கை எடுங்கள். புள்ளியியல் படிக்கும் மாணவர்களே, சூத்திரத்தைத் தொடும் முன் புள்ளிகளைத் தாளில் வைத்துப் பாருங்கள்; எந்த மதிப்பீடு என்பதை அந்தப் புள்ளிகளே சொல்லிவிடும்.